எல்லைக்கோட்டில் தடுமாறும் காவலாளி

கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் இருட்டான கோட்டை. மதிலை ஒட்டிக் காவலாளி ஒருவன் நிதானமாக நடந்து வருகிறான். அவனுக்குப் பத்து மீட்டர் முன்னால், அதே பாதையில், விளையாடுபவரின் பாத்திரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பார்த்துவிடுவானோ என்று விளையாடுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம். திடீரென்று காவலாளியின் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி ஒன்று தோன்றுகிறது. அடுத்த கணம் மறைகிறது. மறுபடி தோன்றுகிறது, மறுபடி மறைகிறது. ‘யாரது?’ என்று அவன் கேட்கவேண்டிய குரல் முதல் எழுத்தைத் தாண்டாமல் ‘யயயய’ என்று கரகரக்கிறது. கால்கள் நடக்கவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அதுவரை கட்டி வைத்த பயம் அந்த இடத்திலேயே கலைந்துபோகிறது.

கேம் உருவாக்கக் கற்றுக்கொள்ளும் அநேகமாக எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் கோளாறு இது. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. எழுதிய ஒவ்வொரு வரியும் சொன்னதைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். அதனால்தான் இதைப் புரிந்துகொள்வதில் எனக்குத் தனி ஆர்வம். கோளாறு எந்த ஒரு வரியிலும் இல்லை, அந்த வரிகள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது.

காவலாளியின் மூளை என்று நாம் சொல்வது மிகச் சிறிய விஷயம். அவனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று ரோந்து: குறித்து வைத்த இடங்களுக்கு இடையே நடப்பது. இன்னொன்று துரத்தல்: விளையாடுபவரை நோக்கி ஓடுவது. எந்த நேரத்தில் எந்த நிலை என்பதைத் தூரம் தீர்மானிக்கிறது. முதன்முதலாக எழுதுகிறவர் இப்படித்தான் எழுதுவார்:

```
if distance < 10.0:
    state = CHASE
else:
    state = PATROL
```

தூரம் பத்து மீட்டருக்குக் குறைவென்றால் துரத்து, இல்லையென்றால் ரோந்து போ. படித்தால் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கணினி இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டு ஓய்வதில்லை. திரையில் காட்சி ஓடுவதற்கு நொடிக்கு 60 படங்கள் வரையப்படுகின்றன. ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் என்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்தக் கேள்வி புதிதாகக் கேட்கப்படுகிறது, முந்தைய ஃப்ரேமில் என்ன பதில் வந்தது என்ற நினைவே இல்லாமல்.

இப்போது அந்தக் கோட்டைக் காட்சியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காவலாளி ரோந்தில் நொடிக்கு 2 மீட்டர் நடக்கிறான். விளையாடுபவர் பதுங்கி நடக்கும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். துரத்தும்போது காவலாளியின் வேகம் 5 மீட்டர். ஆனால் துரத்தல் தொடங்கியதும் அவன் பாய்ந்துவிடுவதில்லை. 0.4 நொடி நின்று, திடுக்கிட்டு, ‘யாரது?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். விளையாடுகிறவருக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்பதற்காகப் பல கேம்களில் வைக்கப்படும் இடைவெளி அது.

இருவரும் ஒரே திசையில் போகிறார்கள். காவலாளி கொஞ்சம் வேகம், அதனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடைவெளி முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது சுமார் 0.83 சென்டிமீட்டர் குறைகிறது. இப்படிக் குறைந்து குறைந்து ஒரு ஃப்ரேமில் தூரம் பத்து மீட்டருக்குள் வந்துவிடுகிறது. நிலை துரத்தலுக்கு மாறுகிறது. காவலாளி திடுக்கிட்டு நிற்கிறான். நிற்பவனை விட்டு விளையாடுபவர் நகர்ந்துகொண்டே இருக்கிறார். ஒரே ஃப்ரேமில் அவர் 2.5 சென்டிமீட்டர் போய்விடுகிறார். தூரம் மீண்டும் பத்து மீட்டருக்கு மேல். அடுத்த ஃப்ரேமில் கேள்வி கேட்கப்படுகிறது, பதில் ரோந்து. திடுக்கிடல் தொடங்கிய இடத்திலேயே அறுந்துபோகிறது. காவலாளி நடக்கத் தொடங்குகிறான். விட்ட 2.5 சென்டிமீட்டரைப் பிடிக்க அவனுக்கு மூன்று ஃப்ரேம் ஆகிறது. பிடித்ததும் மறுபடி துரத்தல், மறுபடி நிற்றல்.

ஒரு ஃப்ரேம் துரத்தல், மூன்று ஃப்ரேம் ரோந்து. நான்கு ஃப்ரேமுக்கு ஒரு சுற்று என்றால் நொடிக்குப் பதினைந்து சுற்று. ‘யாரது’ என்ற ஒலி நொடிக்குப் பதினைந்து முறை முதலிலிருந்து தொடங்குகிறது, அதனால்தான் கரகரப்பு. இரண்டு பேரும் இதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்வரை இதற்கு முடிவே கிடையாது.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. காவலாளி நிற்காமல் உடனே பாய்ந்திருந்தால் தூரம் மேலும் குறைந்திருக்கும், துரத்தல் தானாகவே நீடித்திருக்கும், நடுக்கமே வந்திருக்காது. ஒரு நிலைக்குள் நுழைந்ததன் விளைவே அந்த நிலையிலிருந்து வெளியே தள்ளும்போதுதான் இந்தத் தடுமாற்றம் பிறக்கிறது. துரத்தலில் நுழைந்தால் நிற்கிறான், நின்றால் தூரம் கூடுகிறது, கூடினால் துரத்தல் போய்விடுகிறது. விளையாடுகிறவர் எல்லையில் முன்னும் பின்னும் அசைந்தாலும் இதே விளைவு வரும் என்பது உண்மைதான். ஆனால் அவர் சும்மா ஒரே சீராக நடக்கும்போதும் வருகிறதென்றால், காவலாளியின் சொந்தச் செயலில் எது தூரத்தைக் கூட்டுகிறது என்று தேட வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது எப்போதும் எளிதல்ல. ஒலியும் ஆச்சரியக்குறியும் இல்லாத எதிரியிடம் அறிகுறிகள் வேறு வடிவம் எடுக்கும். நிலை மாறும்போதெல்லாம் அந்த நிலைக்குரிய அசைவு முதல் படத்திலிருந்து ஓடத் தொடங்கும். நான்கு ஃப்ரேமுக்கு ஒரு முறை அது முதலிலிருந்து தொடங்கினால் கால் எடுத்து வைப்பதற்கே நேரமில்லை. எதிரி விறைத்த கால்களோடு தரையில் வழுக்கிப் போவதுபோல் தெரியும். பார்க்கிறவர் அசைவுப் படங்களில்தான் கோளாறு என்று நினைத்து, வரைந்தவரைப் போய்க் கேட்பார். சில கேம்களில் துரத்தல் தொடங்கும்போது இலக்குக்குப் போகும் வழி புதிதாகக் கணக்கிடப்படும். அந்தக் கணக்கு நொடிக்குப் பதினைந்து முறை, இருபது எதிரிகளுக்கு நடந்தால், மொத்த விளையாட்டும் மந்தமாகிவிடும். அப்போது சந்தேகம் வழி தேடும் நிரல்மேல் விழும்.

உறுதி செய்ய ஒரு நேரான வழி இருக்கிறது. எதிரியின் தலைக்கு மேல் நிலையின் பெயரையும் தூரத்தையும் எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். கூடவே, நிலை மாறும்போது மட்டும் ஃப்ரேம் எண்ணோடு ஒரு வரி பதிவாகும்படி செய்ய வேண்டும். நம் கோட்டைக் காவலாளிக்கு அந்தப் பதிவு இப்படி இருக்கும்:

```
1204  PATROL -> CHASE   9.998
1205  CHASE -> PATROL  10.023
1208  PATROL -> CHASE   9.998
1209  CHASE -> PATROL  10.023
```

இதைப் பார்த்த பிறகு வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. தூரங்கள் எல்லாம் பத்தை ஒட்டியே இருக்கின்றன, ஃப்ரேம் எண்கள் நெருக்கமாக இருக்கின்றன. எல்லையில் நடக்கும் தடுமாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

தீர்வை நம் வீட்டு மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியில் தானியங்கி மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தொட்டிக்குள் இரண்டு அளவுகள் உண்டு. தண்ணீர் கீழ் அளவுக்கு இறங்கினால்தான் மோட்டார் ஓடத் தொடங்கும். மேல் அளவைத் தொட்டால்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும்போது, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நின்றிருந்தது நின்றே இருக்கும். ஒரே அளவை வைத்திருந்தால் யாராவது ஒரு குவளை தண்ணீர் பிடித்தாலே மோட்டார் ஓடி, அரை நிமிடத்தில் நின்று, அடுத்த குவளைக்கு மறுபடி ஓடி, சீக்கிரமே கருகிப்போகும்.

காவலாளிக்கும் இதே ஏற்பாடுதான். பார்ப்பதற்கு ஒரு தூரம், விடுவதற்கு வேறொரு தூரம்.

```
if state == PATROL and distance < 10.0:
    state = CHASE
elif state == CHASE and distance > 13.0:
    state = PATROL
```

பத்து மீட்டருக்குள் வந்தால் துரத்தத் தொடங்கு. தொடங்கிவிட்டால் 13 மீட்டரைத் தாண்டினால் ஒழிய விடாதே. எண் ஒன்று கூடியிருக்கிறது என்பது வெளியே தெரியும் மாற்றம். அதைவிடப் பெரியது, இந்த வரிகள் இப்போது காவலாளியின் தற்போதைய நிலையையும் கேட்கின்றன. பழைய நிரலிடம் ‘தூரம் 11 மீட்டர், என்ன செய்வது?’ என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். புதிய நிரல் ‘இதுவரை என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் வந்த வழிதான் பதிலைத் தீர்மானிக்கிறது. இந்தக் குணத்துக்கு ஹிஸ்டரிசிஸ் என்று பெயர். பிளஸ் டூ இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்தோமே, வெளிக் காந்தப்புலத்தை விலக்கிய பிறகும் இரும்பு தன் காந்தத்தன்மையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

கோட்டைக் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். தூரம் பத்துக்குள் வருகிறது, காவலாளி திடுக்கிட்டு 0.4 நொடி நிற்கிறான். அதற்குள் விளையாடுபவர் 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். தூரம் 10.6 மீட்டர். பதின்மூன்றைத் தொடவில்லை, ஆகவே துரத்தல் நீடிக்கிறது. ‘யாரது?’ முழுதாகக் கேட்கிறது. பிறகு ஓட்டம்.

ஆனால் 13 என்ற எண் எங்கிருந்து வந்தது? பல பாடக் குறிப்புகளில் ‘கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் வேலையே இருக்கிறது. நம் விளையாடுபவரால் ஓடவும் முடியும் என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 6 மீட்டர். காவலாளி திடுக்கிட்ட அதே கணத்தில் அவர் ஓடத் தொடங்கினால் 0.4 நொடியில் 2.4 மீட்டர் போய்விடுவார். தூரம் 12.4 ஆகும். விடும் தூரம் 11 என்று வைத்திருந்தால், காவலாளி ஓர் அடிகூட எடுத்து வைக்கும் முன்னரே துரத்தலைக் கைவிட்டிருப்பான். நடுக்கம் பதுங்கும்போது போய், ஓடும்போது திரும்பி வந்திருக்கும். சோதித்தவர் பதுங்கி மட்டும் சோதித்திருந்தால் கோளாறு தீர்ந்ததென்றே நம்பியிருப்பார். ஆகவே இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பட்டை, காவலாளி செயல்படாமல் இருக்கும் நேரத்தில் விளையாடுபவர் போகக்கூடிய அதிகபட்ச தூரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இங்கே 2.4 மீட்டருக்கு மேல். மூன்று மீட்டர் என்பது அப்படி வந்தது.

மேல் வரம்பை இயந்திரக் கணக்கு சொல்லாது. அது விளையாடுகிறவரின் பக்கத்திலிருந்து வருகிறது. அவர் ஓட்டம் 6, காவலாளியின் ஓட்டம் 5, ஆகவே இடைவெளி நொடிக்கு ஒரு மீட்டர் கூடுகிறது. காவலாளி ஓடத் தொடங்கிய பிறகு இடைவெளி பத்து மீட்டராக இருக்கிறது என்று கொண்டால், 13 மீட்டர் எல்லையைத் தாண்ட மூன்று நொடி ஓட வேண்டும். விடும் தூரத்தை 20 என்று வைத்தால் பத்து நொடி ஓட வேண்டும். பத்து நொடி என்பது கேமில் நீண்ட நேரம். காவலாளி பிசின்போல் ஒட்டிக்கொண்டான் என்ற எரிச்சல் அதற்குள் வந்துவிடும். திகில் கேமுக்கு அந்த எரிச்சலே வேண்டியதாக இருக்கலாம். குழந்தைகளுக்கான கேமில் அது கூடவே கூடாது. விளையாடுபவரின் ஓட்டம் காவலாளியின் ஓட்டத்தைவிடக் குறைவென்றால் இந்த எண்ணுக்குத் திறந்தவெளியில் அர்த்தமே இல்லை, எவ்வளவு ஓடினாலும் 13 மீட்டர் வராது. அப்போது தப்பிக்க ஒளிந்துகொள்ள ஒரு சுவரோ கதவோ வைத்துக் கொடுக்க வேண்டும்.

இந்த இரட்டை எல்லை கேம் உலகம் கண்டுபிடித்த ஒன்றல்ல. ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர் 1934-இல், கணவாயின் நரம்புகளில் துடிப்பு பரவுவதை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவப் பருவத்தில், இதே குணமுள்ள மின்சுற்று ஒன்றை வடிவமைத்தார். மேல் அளவைத் தாண்டினால் ‘ஆன்’, கீழ் அளவுக்கு இறங்கினால் ‘ஆஃப்’, நடுவில் பழைய நிலை. ஷ்மிட் டிரிகர் என்ற பெயரில் அது இன்றும் சில்லுகளுக்குள் இருந்து, தடுமாறும் மின்குறிகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறது. கேம் பக்கத்தில், அன்ரியல் எஞ்சினில் எதிரிக்குப் பார்வை கொடுக்கப் போனால் அமைப்புப் பட்டியலில் Sight Radius, Lose Sight Radius என்று அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது பார்க்கும் தூரம், இரண்டாவது விடும் தூரம். அங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஹிஸ்டரிசிஸைப் பயன்படுத்திவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு வைக்கிறவர்களும் உண்டு, அவர்களுடைய எதிரிகள் பழையபடி நடுங்கும்.

1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் ஆரஞ்சு நிறப் பேயை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. கிளைட் என்று பெயர். அதற்கு ஒரே ஓர் எல்லைதான், எட்டுக் கட்டம். பேக்-மேன் எட்டுக் கட்டமோ அதற்கு மேலோ தள்ளியிருந்தால் துரத்தி வரும். அதைவிட நெருங்கிவிட்டால் திரையின் கீழ் இடது மூலையை நோக்கித் திரும்பிவிடும். தடுமாற்றத்துக்கு இதைவிடச் சரியான செய்முறை வேண்டியதில்லை. நெருங்கினால் விலகு, விலகினால் நெருங்கு என்ற விதி எட்டாவது கட்டத்தில் பேயை உதறலெடுக்க வைத்திருக்க வேண்டும். ஆனால் கிளைட் உதறுவதில்லை. காரணம் வேறொரு விதி. அந்த விளையாட்டில் பேய்கள் தாமாக நினைத்து, வந்த வழியே திரும்ப முடியாது. வழி பிரியும் சந்திகளில் மட்டும்தான் திசையைத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு சந்திகளுக்கு நடுவே மனம் எத்தனை முறை மாறினாலும் கால் மாறாது. எல்லை ஒன்றே, முடிவு எடுக்கும் இடங்கள் மட்டும் குறைவு. வெளியே பார்ப்பவருக்கு அது சலனபுத்திக்காரப் பேயாகத் தெரிந்ததே தவிர, பழுதான பேயாகத் தெரியவில்லை.

கிளைட் காட்டும் இந்த வழியை இன்றைய நிரல்களிலும் நேரக் கட்டுப்பாடாகப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு நிலைக்குள் வந்தால் ஒரு நொடியாவது இருந்தாக வேண்டும். எளிமையானது, ஆனால் தனியாக விட்டால் போதாது. எல்லையில் நிற்கும் விளையாடுபவருக்கு நொடிக்குப் பதினைந்து முறை வந்தது நொடிக்கு ஒருமுறை வரும், அவ்வளவுதான். இரட்டைத் தூரத்தோடு சேர்த்து வைப்பதையே நான் விரும்புவேன். 13 மீட்டரைத் தாண்டி, அங்கேயே இரண்டு நொடி தொடர்ந்து இருந்தால் விட்டுவிடு என்பதுபோல. கண்ணில் படாமல் போன ஒருவனை மனிதக் காவலாளியும் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத்தானே திரும்புவான்.

இரட்டைத் தூரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்தால் ஒரு கம்பி வேலி அதைப் பொய்யாக்கிவிடும். காவலாளியின் ரோந்துப் பாதை ஒரு நேர்கோடு. அதை ஒட்டியே நீளமான வேலி. வேலிக்கு அப்பால் 6 மீட்டரில் விளையாடுபவர் அசையாமல் நிற்கிறார். அவருக்கு நேரே உள்ள இடத்திலிருந்து இடப்புறம் 14 மீட்டரில் வேலியின் ஒரே வாசல். காவலாளி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக நடந்து வருகிறான். நேர் இடத்துக்கு 8 மீட்டர் இருக்கும்போது இருவருக்கும் இடையே தூரம் சரியாகப் பத்து மீட்டர் ஆகிறது. கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்துவிடுகிறான். துரத்தல் தொடங்குகிறது.

துரத்த வேண்டுமென்றால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசலோ அவன் வந்த திசையில், 6 மீட்டர் பின்னால். வழி தேடும் நிரல் சரியாகவே அவனைத் திருப்பி அனுப்புகிறது. ஓடும் ஒவ்வோர் அடியிலும் வாசல் நெருங்குகிறது, விளையாடுபவரோ நேர்கோட்டில் விலகுகிறார். மூன்றரை மீட்டர் ஓடியதும் நேர்த்தூரம் 13-ஐத் தாண்டிவிடுகிறது. வாசலுக்கு இன்னும் இரண்டரை மீட்டர்தான் பாக்கி. அங்கே காவலாளி துரத்தலைக் கைவிட்டு, ரோந்துக்குத் திரும்பி, வலப்பக்கமாக நடக்கிறான். நடந்து வந்தால் மறுபடி பத்து மீட்டர், மறுபடி ‘யாரது?’, மறுபடி வாசலை நோக்கி ஓட்டம். மூன்று நொடிக்கு ஒரு முறை, வேலியோரம் அதே மூன்றரை மீட்டரில், வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் ஒருவருக்கு முன்னால் அவன் உலாத்திக்கொண்டே இருப்பான்.

பட்டையை அகலமாக்கினால் இந்த வாசல் தீரும், இன்னும் தள்ளியிருக்கும் வாசல் தீராது. மூலக்காரணம் அளக்கும் கோலில் இருக்கிறது. முடிவெடுப்பது நேர்த்தூரத்தை வைத்து, நடப்பது பாதைத் தூரத்தை வைத்து. அப்படியானால் கைவிடுவதை மட்டும் பாதைத் தூரத்துக்கு மாற்றி, 13 மீட்டரைத் தாண்டினால் விடு என்று எழுதலாமா? அது இன்னும் மோசம். துரத்தத் தொடங்கும் கணத்திலேயே பாதைத் தூரம் 21 மீட்டருக்கு மேல் இருக்கிறது: வாசலுக்கு 6, வாசலிலிருந்து விளையாடுபவருக்கு 15.2. நுழையும் நிபந்தனையும் வெளியேறும் நிபந்தனையும் ஒரே ஃப்ரேமில் உண்மையாகிவிடும். அப்போது நிலை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், முதலில் பார்த்த நொடிக்குப் பதினைந்தைவிட வேகமாக. இரட்டை எல்லை எழுதும் எவரும் முதலில் சரிபார்க்கவேண்டியது இதைத்தான். நுழைந்த கணத்தில் வெளியேறும் நிபந்தனை பொய்யாக இருக்கிறதா, வெளியேறிய கணத்தில் நுழையும் நிபந்தனை பொய்யாக இருக்கிறதா.

இரண்டு தேர்விலும் தேறும் விதி ஒன்று இருக்கிறது. துரத்தத் தொடங்கும்போது பாதைத் தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நேர்த்தூரம் 13-ஐத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு பாதைத் தூரமும் குறித்து வைத்ததைவிட 3 மீட்டர் கூடியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கைவிட வேண்டும்.

```
if state == PATROL and straight < 10.0:
    state = CHASE
    start_path = path_length
elif state == CHASE and straight > 13.0 and path_length > start_path + 3.0:
    state = PATROL
```

வேலி இல்லாத திறந்தவெளியில் பாதைத் தூரமும் நேர்த்தூரமும் ஒன்றே. குறித்து வைத்தது பத்து, கூட்டினால் பதின்மூன்று, ஆகவே கோட்டையில் சரிசெய்த விதி அங்கே அப்படியே வேலை செய்யும். வேலி ஓரத்தில் குறித்து வைத்தது சுமார் 21.2, கைவிடும் எல்லை 24.2. காவலாளி மூன்றரை மீட்டர் ஓடி நேர்த்தூரம் 13 ஆகும் இடத்தில் பாதைத் தூரம் 17.7 ஆகக் குறைந்திருக்கும். விட மாட்டான். வாசலை அடையும்போது பாதைத் தூரம் 15.2. வாசலுக்குள் நுழைந்து, வேலியின் மறுபுறம், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், இதுவரை அசையாமல் நின்றவரை நோக்கி வருவான். அவர் ஓடத் தொடங்க மூன்று நொடி இருக்கிறது.